சம்பளம் 7-ஆம் தேதி, கார்டு டியூ 4-ஆம் தேதி: தேதியை மாற்றக் கடிதம் எழுதுவது எப்படி?

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறார். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலை. சம்பளம் மாதாமாதம் 7-ஆம் தேதி வங்கியில் ஏறும். அவருடைய கிரெடிட் கார்டு பில்லைக் கட்டக் கடைசி நாளோ 4-ஆம் தேதி. அந்த இரண்டு மூன்று நாளுக்காக ஒவ்வொரு மாதமும் யாரிடமாவது கைமாற்று வாங்குவார். கிடைக்காத மாதம் சம்பளம் வந்த பிறகு கட்டுவார். ஒருநாள் சாயங்காலம் கையில் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, டியூ தேதியை மாத்திக் குடுங்கன்னு லெட்டர் போட்டேன். முடியாதுன்னு பதில் வந்துட்டு."

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். "எனது கார்டின் டியூ தேதியை 8-ஆம் தேதிக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தார். டியூ தேதியைத் தனியாக மாற்ற வழியில்லை என்று ஒரே வரியில் பதில். அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் அவருக்கு வேண்டியது கிடைக்க வேறொரு வழி இருந்தது, அதை அந்தப் பதில் சொல்லவில்லை. எதைக் கேட்க வேண்டுமோ அதைக் கடிதத்தில் கேட்டிருந்தால் வேலை அன்றைக்கே பாதி முடிந்திருக்கும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எந்தத் தேதியை மாற்ற வேண்டும்

மளிகைக் கடையில் பற்று வைத்து வாங்கியவர்களுக்கு இது உடனே புரியும். மாதம் முழுக்க வாங்குவதைக் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டே வருவார். ஒருநாள் கோடு போட்டுக் கூட்டி, இவ்வளவு ஆச்சு என்பார். பணத்தை இன்னும் சில நாளில் கொடுத்தால் போதும். கோட்டுக்குக் கீழே வாங்குவது அடுத்த கணக்கு.

கிரெடிட் கார்டிலும் அதேதான். கோடு போடும் நாள் ஸ்டேட்மென்ட் தேதி. பணம் கட்டக் கடைசி நாள் டியூ தேதி. ஒரு ஸ்டேட்மென்ட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள காலத்தை பில்லிங் சைக்கிள் என்கிறார்கள். பில்லில் `Statement Date`, `Payment Due Date` என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருக்கும்.

பெரும்பாலான நிறுவனங்களில் டியூ தேதிக்கென்று தனியாக இருப்பு கிடையாது. ஸ்டேட்மென்ட் தேதியிலிருந்து இத்தனை நாள் என்று எண்ணித்தான் அது வருகிறது. தம்பியின் கார்டில் அந்த எண்ணிக்கை 20 நாள். 15-ஆம் தேதி பில் போட்டால், 31 நாள் உள்ள மாதத்தில் டியூ 4-ஆம் தேதி வரும். 30 நாள் மாதமென்றால் 5-ஆம் தேதி. பிப்ரவரி 15-இல் போட்ட பில்லுக்கு மார்ச் 7. "என் டியூ தேதி ஒரு மாசம் 4, ஒரு மாசம் 5-ன்னு ஆடுது" என்று அவர் குழம்பியதற்குக் காரணம் இதுதான். ஆகவே டியூ தேதி நகர வேண்டுமென்றால் ஸ்டேட்மென்ட் தேதி நகர வேண்டும். கடிதத்தில் கேட்க வேண்டியது "பில்லிங் சைக்கிளை மாற்றுங்கள்" என்பதுதான்.

இதைக் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. கிரெடிட் கார்டுகள் பற்றி ரிசர்வ் வங்கி 2022-இல் ஒரு விதித் தொகுப்பு வெளியிட்டது. கார்டு வைத்திருப்பவர் தன் வசதிப்படி பில்லிங் சைக்கிளை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. 2024 மார்ச்சில் அதைத் திருத்தியபோது "குறைந்தது ஒருமுறை" என்று ஆக்கினார்கள். தம் வசதிப்படி என்பதால் சம்பளச் சீட்டோ, முதலாளியின் கடிதமோ இணைக்கத் தேவையில்லை. காரணத்தைக் கடிதத்தில் ஒரு வரி சொன்னால் படிப்பவருக்குப் புரியும், அவ்வளவே. ஆனால் "குறைந்தது ஒருமுறை" என்பதை மறந்துவிடக் கூடாது. நிறுவனம் இரண்டாவது முறை மறுத்தால் விதி உங்களுக்குத் துணை வராது. எனவே முதல் முறையே சரியான தேதியைக் கேட்க வேண்டும்.

மூன்று நாள் தாமதத்துக்கு என்ன விலை

"மூணு நாள் லேட்டா கட்டினா ஒண்ணும் ஆகாதாமே" என்று தம்பி கேட்டார். பாதி உண்மை. அதே ரிசர்வ் வங்கி விதிகளின்படி, டியூ தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், சிபில் போன்ற நிறுவனங்களுக்கும் தாமதம் என்று தெரிவிக்கலாம். டியூ 4 என்றால் 7-ஆம் தேதி கட்டுபவர் மயிரிழையில் தப்பிப்பார்.

ஆனால் 2025 செப்டம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி சம்பளத்தைத் திங்கள்கிழமைதான் போட்டது. தம்பி 8-ஆம் தேதி கட்டினார். நான்கு நாளாகிவிட்டது, தாமதக் கட்டணம் விழுந்தது.

அதைவிடப் பெரிய அடி வட்டி. அந்த மூன்று நாள் சலுகை வட்டிக்கும் உண்டு என்று நினைத்துவிட வேண்டாம். முழுத் தொகையையும் டியூ தேதிக்குள் கட்டவில்லையென்றால் வட்டியில்லாக் காலம் போய்விடும். வட்டியை டியூ தேதியிலிருந்து கணக்கிட மாட்டார்கள், பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடுவார்கள். ஒரு பொருளை மட்டும் எடுத்துப் பார்ப்போம். தம்பி ஜூலை 20-ஆம் தேதி வண்ணார்பேட்டையில் 10,000 ரூபாய்க்கு ஒரு மிக்சியும் கிரைண்டரும் வாங்கினார். அது ஆகஸ்ட் 15 பில்லில் வந்தது. செப்டம்பர் 4-க்குள் கட்டியிருந்தால் வட்டியே இல்லை. 8-ஆம் தேதி கட்டியதால் ஜூலை 20 முதல் 50 நாளுக்கு வட்டி. மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம் என்றால் அந்த 50 நாளுக்கு சுமார் 575 ரூபாய் ஆகிறது. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 103 ரூபாய். கிட்டத்தட்ட 680 ரூபாய், நான்கு நாள் தாமதத்துக்கு. தாமதக் கட்டணம் இதில் சேரவில்லை.

சரி, குறைந்தது இவ்வளவாவது கட்டுங்கள் என்று பில்லில் போட்டிருக்கும் மினிமம் தொகையை மட்டும் 4-ஆம் தேதிக்குள் கட்டினால்? தாமதக் கட்டணம் வராது, வட்டி வரும். தேதி மாறும் வரை ஒரு மாதம் சமாளிக்க அது உதவும். வழக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

எந்த நாளைக் கேட்பது

தம்பி 8-ஆம் தேதி கேட்டிருந்தார், சம்பளத்துக்கு மறுநாள். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள்: 7 ஞாயிறாக வந்தால் 8, பக்கத்தில் ஒரு விடுமுறை சேர்ந்தால் 9. வேறு வங்கிக் கணக்கிலிருந்து கட்டினால் கார்டில் வரவாக ஒருநாள் கூடுதலாகலாம். அதனால் சம்பளத்துக்கும் டியூவுக்கும் இடையே நான்கு ஐந்து நாள் இருக்க வேண்டும். அதற்காகப் பதினைந்து நாள் தள்ளி வைப்பதும் நல்லதல்ல. வாடகை, பள்ளிக் கட்டணம், வீட்டுச் செலவு எல்லாம் போன பிறகு பில் தொகை கையில் நிற்காது. 11, 12 தேதிவாக்கில் டியூ வந்தால் சரியாக இருக்கும் என்று முடிவு செய்தோம்.

அப்புறம் பின்னோக்கி எண்ண வேண்டும். சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரை எடுத்து மேசைமேல் போட்டோம். அக்டோபர் 12-இல் விரலை வைத்து, ஒவ்வொரு கட்டமாகப் பின்னால் வந்து இருபது எண்ணினார் தம்பி. விரல் செப்டம்பர் 22-இல் நின்றது. ஜூலை 22-இலிருந்து முன்னோக்கி எண்ணிப் பார்த்தால் ஆகஸ்ட் 11. பிப்ரவரி 22-க்கு மார்ச் 14. ஆக ஸ்டேட்மென்ட் தேதி 22 என்றால், எந்த மாதமானாலும் டியூ 11-க்கும் 14-க்கும் நடுவில் விழும். எல்லா மாதமும் சம்பளத்துக்குப் பின்னால்தான்.

உங்கள் கார்டில் எத்தனை நாள் என்று தெரிய, பழைய மூன்று நான்கு பில்களை எடுத்து இரண்டு தேதிகளுக்கும் நடுவில் எண்ணிப் பாருங்கள். எல்லா பில்லிலும் ஒரே எண் வந்தால் அதுதான் கணக்கு. மாறி மாறி வந்து டியூ மட்டும் ஒரே தேதியாக நின்றால், உங்கள் நிறுவனம் டியூவை நிலையாக வைத்திருக்கிறது என்று பொருள். அப்போது அந்தத் தேதியையே கேட்கலாம். பல நிறுவனங்கள் எல்லா நாளையும் கொடுப்பதில்லை, சில தேதிகளை மட்டுமே வைத்திருப்பார்கள். அதனால் கடிதத்தில் ஒரு முதல் விருப்பமும் ஒரு மாற்று விருப்பமும் எழுதுவது நல்லது.

கடிதம்

முதலில் ஆப்பையோ இணைய வங்கிச் சேவையையோ திறந்து பாருங்கள். பில்லிங் சைக்கிள் மாற்றும் வசதி சிலவற்றில் அங்கேயே இருக்கும். இல்லையென்றால் கடிதம். கார்டோடு பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து அனுப்புவதுதான் சிறந்தது, அனுப்பிய நாளும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். கிளையில் கொடுப்பவர்கள் இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். பாளையங்கோட்டைக் கிளையில் தமிழில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். வெளியூர்த் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுவதாக இருந்தால் இதே கடிதத்தை ஆங்கிலத்திலும் கீழே சேர்த்துவிடுங்கள், சுற்றிவிடுவது குறையும்.

தம்பிக்கு எழுதிக் கொடுத்த கடிதம் இது:

> பெறுநர்: வாடிக்கையாளர் சேவை அலுவலர், கிரெடிட் கார்டுப் பிரிவு
>
> பொருள்: பில்லிங் சைக்கிளை மாற்றக் கோருதல் (கார்டின் கடைசி நான்கு எண்கள்: ____)
>
> ஐயா / அம்மா,
>
> மேற்கண்ட கார்டுக்கு இப்போது ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி ஸ்டேட்மென்ட் வருகிறது. பணம் செலுத்தக் கடைசி நாள் அடுத்த மாதம் 4 அல்லது 5-ஆம் தேதியாக அமைகிறது. என் மாதச் சம்பளம் 7-ஆம் தேதி வங்கியில் வரவாகிறது.
>
> எனவே என் ஸ்டேட்மென்ட் தேதியை 22-ஆம் தேதிக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தேதி உங்களிடம் இல்லையென்றால் 24-ஆம் தேதிக்கு மாற்றலாம். அதுவும் இல்லையென்றால், மாற்றம் செய்வதற்கு முன் உள்ள தேதிகளை எனக்குத் தெரிவிக்கவும்.
>
> கார்டு வைத்திருப்பவர் தம் வசதிப்படி பில்லிங் சைக்கிளைக் குறைந்தது ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம் என்ற ரிசர்வ் வங்கி விதியின்படி இதைக் கேட்கிறேன். இதற்கு முன் நான் மாற்றம் எதுவும் செய்யவில்லை. இன்றைய நிலையில் கார்டில் டியூ தேதி தாண்டிய பாக்கி இல்லை.
>
> பின்வருவனவற்றை எழுத்தில் தெரிவிக்கவும்: புதிய ஸ்டேட்மென்ட் தேதி எந்த மாதத்திலிருந்து நடைமுறைக்கு வரும், மாறும் மாதத்தின் பில் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை உள்ள செலவுக்கு, அந்த பில்லின் டியூ தேதி என்ன.
>
> இப்படிக்கு,
> பெயர், பதிவு செய்த கைபேசி எண், நாள்

கார்டு எண் முழுவதையும் எழுத வேண்டாம், கடைசி நான்கு எண்கள் போதும். பின் எண், சி.வி.வி., ஓ.டி.பி. எதுவும் கடிதத்தில் வரக் கூடாது. "உங்கள் கடிதம் கிடைத்தது, தேதி மாற்ற ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று யாராவது போன் செய்தால் அந்த அழைப்பைத் துண்டித்துவிட்டு, கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணுக்கு நீங்களே பேசுங்கள்.

"டியூ தேதி தாண்டிய பாக்கி இல்லை" என்ற வரி சும்மா போட்டதல்ல. பாக்கி நிற்கும் கார்டில் சைக்கிளை மாற்றப் பல நிறுவனங்கள் தயங்கும். அதனால் பில்லைக் கட்டிய மறுநாள் அனுப்புவது நல்ல நேரம். அடுத்த ஸ்டேட்மென்ட்டுக்கு இரண்டு நாள் முன்பு அனுப்பினால் மாற்றம் அந்த மாதத்தைத் தவறவிட்டு அடுத்த மாதத்துக்குப் போய்விடலாம். தம்பி 8-ஆம் தேதி கட்டி, 9-ஆம் தேதி மின்னஞ்சல் அனுப்பினார். 12-ஆம் தேதி ஒப்புதல் வந்தது, 22-ஆம் தேதியே கிடைத்தது.

மாறும் மாதத்தில் நடப்பது

பலரும் தடுமாறுவது இங்கேதான். ஏற்கெனவே வந்துவிட்ட பில்லின் டியூ தேதி மாறாது. கடிதம் போட்டாச்சே என்று பழைய டியூவைத் தாண்டவிட்டால் தாமதக் கட்டணமும் வட்டியும் வழக்கம்போல வரும்.

புதிய சைக்கிளுக்குத் தாவும்போது இரண்டில் ஒன்று நடக்கும். 15-ஆம் தேதி வழக்கமான பில் வந்து, ஏழு நாள் கழித்து 22-இல் ஒரு குட்டி பில் வரலாம். அப்படியானால் அடுத்தடுத்து இரண்டு டியூ தேதிகள் இருக்கும், முதலாவதைக் கவனிக்காமல் விடுவது எளிது. அல்லது 15-இல் பில் வராமல் 22-இல் ஒரே நீளமான பில் வரலாம். தம்பிக்கு இரண்டாவது நடந்தது. ஆகஸ்ட் 16 முதல் செப்டம்பர் 22 வரை 38 நாள் செலவு ஒரே பில்லில். மாதம் 14,000 ரூபாய்வாக்கில் வந்தது இந்தமுறை 19,000-ஐத் தாண்டியது. செப்டம்பர் தாமதத்துக்கான வட்டியும் கட்டணமும் அதற்குள்ளேயே இருந்தன. அவர் வீட்டில் பதறிவிட்டார்கள்.

"தேதியை மாத்தினதுக்கா அண்ணாச்சி இம்புட்டுக் காசு?"

தேதி மாற்றத்துக்கு யாரும் காசு பிடிக்கவில்லை. ஒரு வாரச் செலவும், செப்டம்பர் தாமதத்தின் வட்டியும் கட்டணமும் கூடுதலாகச் சேர்ந்திருந்தன, அவ்வளவுதான். பில்லின் மேலே உள்ள காலத்தையும் உள்ளே உள்ள ஒவ்வொரு வரியையும் காட்டியபோது சமாதானம் ஆனார்கள். டியூ அக்டோபர் 12. சம்பளம் 7-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வந்தது. 12 ஞாயிறு என்பதால் வெள்ளிக்கிழமையே முழுத் தொகையையும் கட்டச் சொன்னேன், கட்டிவிட்டார். மாறும் மாதத்துக்கு ஒரு வாரச் செலவுப் பணத்தை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால் பதற்றமே இருந்திருக்காது. கார்டு லிமிட் குறைவாக உள்ளவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். நீளமான சைக்கிளில் லிமிட் நிரம்பி, கடையில் கார்டு மறுக்கப்படலாம்.

கார்டில் இ.எம்.ஐ. ஓடினால் அதன் தவணை எந்த பில்லில் ஏறும் என்பதை அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். குட்டி பில் வருகிற மாதத்தில் தவணை அதில் ஏறுகிறதா, அடுத்ததிலா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

மறுத்தால்

பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, அந்த நிறுவனத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்குப் புகாராக எழுதிப் புகார் எண் வாங்குங்கள். முதல் கடிதத்தின் தேதியையும் "குறைந்தது ஒருமுறை" என்ற விதியையும் அதில் குறிப்பிட வேண்டும். புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` தளத்தில் முறையிடலாம். கட்டணம் கிடையாது. ஆனால் நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை தேதியை மாற்றியிருந்து, இப்போது வேலை மாறிச் சம்பள நாளும் மாறியதால் மறுபடி கேட்கிறீர்கள் என்றால், இந்த வழி பலன் தராது. அப்போது கேட்டுப் பார்க்கலாம், வற்புறுத்த முடியாது.

ஒப்புதல் வந்ததும் தம்பி ஒன்றை மறந்திருந்தார். மாதாமாதம் 4-ஆம் தேதி கார்டுக்கு ஒரு தொகை போகும்படி தன் வங்கி ஆப்பில் அவரே போட்டு வைத்த ஏற்பாடு இருந்தது. கார்டு நிறுவனத்தின் ஆட்டோ டெபிட் என்றால் பொதுவாக டியூ தேதியைத் தொடர்ந்து தானே நகரும். நாமே தேதி குறித்து வைத்தது நகராது. பழையபடி 4-ஆம் தேதி, காலியான கணக்கில் தட்டிவிட்டுத் திரும்பும். அக்டோபர் பிறக்கும் முன் அதை 10-ஆம் தேதிக்கு மாற்றி வைத்தோம்.